போயிட்டு வாங்க மாமா

வரதன் என் அக்காவின் கையை முறுக்கியது வருத்தப்பட வேண்டிய விஷயம். நான் அவனைப் 'போடா' என்று சொன்னது மன்னிக்க முடியாத குற்றம். அச்சரப்பாக்கத்தில் கோதண்டராமனுடைய உரக்கடையின் பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்த பெரியவர்கள் கடைசியில் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த இடத்தின் உர நெடியால் குமட்டுகிறதா, இவர்கள் பேச்சால் குமட்டுகிறதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வரதன் என் அக்கா பூங்கொடியின் புருஷன். எனக்கு நான்கு வயது மூத்தவன். முறையில் மாமா. இந்தக் கதை முழுக்க நான் அவனை 'அவன்' என்றுதான் சொல்லப் போகிறேன். வீட்டில் இப்படிச் சொன்னால் அப்பா செருப்பைத் தேடுவார். எழுதும்போது யார் வந்து தடுக்கப் போகிறார்கள்?

நடந்தது இதுதான். வரதன் சிறுசேரிக் கம்பெனிகளுக்கு ஆள் வைத்து வேன் ஓட்டும் தொழில் செய்கிறான். குடியிருப்பது மாமல்லபுரம் பைபாஸ் பக்கத்தில். நானும் மாமல்லபுரத்தில்தான், கடலோர ஓட்டல் ஒன்றின் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய மணிக்கட்டு வீங்கி, கண்ணாடி வளையல் உடைந்து சதையில் ஏறியிருந்தது. வரதன் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "போடா வெளிய" என்றேன். அவனுடைய வீட்டிலிருந்து அவனையே போகச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த நேரத்தில் அது யார் வீடு என்றா யோசிக்க முடியும்? அவன் போகவில்லை என்றதும் அக்காவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து அப்பா வீட்டில் விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து சமாதானப் பேச்சு. வரதனுக்கு அப்பா இல்லை. வளர்த்ததெல்லாம் அவனுடைய பெரியப்பா கோதண்டராமன்தான். அவருக்கு இந்தப் பக்கத்து ஊர்களில் நல்ல பெயர். உரம் கடனாகக் கொடுப்பவருக்கு எந்த ஊரில் கெட்ட பெயர் இருந்திருக்கிறது?

"ராமானுஜம், கேளு" என்றார் என் அப்பாவிடம். "புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் கீது. கை நீளும், அப்புறம் சேந்துக்கும். பையன நானே கண்டிச்சி வுட்டேன். ஆனா ஒரு மச்சான்காரன், வயசுல சின்னவன், அக்கா புருஷனப் பாத்து போடான்னுட்டான். அத எப்டி சேத்து வெக்கிறது?"

"தப்புதாங்க அண்ணாத்த" என்றார் அப்பா.

"அவன் வெளியில தல காட்ட முடியலப்பா. அவங்கிட்ட வேல செய்யற டிரைவருங்க கேட்டுகினு கீறானுங்க."

எத்தனை டிரைவர்கள் அக்காவின் அலறலைக் கேட்டார்கள் என்று நான் கேட்க வாயைத் திறந்தேன். அப்பா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

முடிவு இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை வரதன் எங்கள் வீட்டுக்கு வருவான். விருந்து சாப்பிடுவான். அக்காவைக் கூட்டிக்கொண்டு போவான். கிளம்பும்போது, தெருவில் நாலு பேர் கேட்க, நான் கைகூப்பி "போயிட்டு வாங்க மாமா" என்று சொல்ல வேண்டும். முணுமுணுக்கக் கூடாது. 'மாமா' இல்லாமல் சொல்லக் கூடாது. 'போயிட்டு வா மாமா' என்றும் சொல்லக் கூடாது. பாசம் இருக்கிற வீட்டில் தாய்மாமனிடம் அப்படித்தான் சொல்வோம், அதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் எனக்கும் அவனுக்கும் நடுவில் இருப்பது பாசம் இல்லை என்று ஊருக்கே தெரியுமாம். அதனால் 'வாங்க'தான் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மரியாதை நடக்கிற விதம் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. என் அப்பாவை நான் 'நீ' என்றுதான் சொல்கிறேன். "நைனா, நீ துன்னியா?" என்று கேட்டால் அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. 'நீங்க' என்று ஒருநாள் சொன்னால், இவனுக்கு என் மேல் என்ன கோபம் என்றுதான் யோசிப்பார். அம்மாவும் 'நீ'தான். 'நீங்க' என்பது தள்ளி நிற்கிறவர்களுக்கு. அந்தத் தள்ளி நிற்கிறவர்களில் முதல் ஆள் மாப்பிள்ளை.

அதுவும் ஒரே ராத்திரியில் நடக்கும். வரதன் பெரியப்பா கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் அப்பா அவனை "டேய் வரதா, அந்த டிஏபி மூட்ட ஒண்ணு எடுத்து வைடா" என்றுதான் சொல்வார். நிச்சயத் தாம்பூலம் மாற்றிய மறுநாள் காலையில் அதே கடைக்குப் போனவர், அதே மூட்டைக்கு முன்னால் நின்று, "வாங்க மாப்ள, சாப்டாச்சா?" என்றார். அதற்குப் பிறகு மூட்டையை அப்பாவே தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டார்.

அம்மாவின் மரியாதை இன்னும் ஒரு படி மேலே. மாப்பிள்ளையிடம் அம்மா நேராகப் பேசியதே இல்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் ரசம் வெக்கட்டுமான்னு கேளு" என்று அக்காவிடம் சொல்வாள். அக்கா அவனிடம் கேட்பாள். அவன் அக்காவிடம் பதில் சொல்வான். அது அம்மா காதில் விழுந்தாலும், அக்கா திரும்பச் சொன்ன பிறகுதான் கரண்டி நகரும்.

நான் மட்டும் திருட்டு வழியில் தப்பித்துக்கொண்டிருந்தேன். 'நீ' என்று சொன்னால் சண்டை, 'நீங்க' என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ஆகவே இரண்டையும் விட்டுவிட்டேன். "சாப்டாச்சா?" "எப்ப கிளம்பறது?" "வண்டி சர்வீஸ் வுட்டாச்சா?" கல்யாணமானதிலிருந்து அவனிடம் இப்படியே பேசி ஓட்டியிருக்கிறேன். தமிழில் இந்த வசதி இருக்கிறது. ஆளைக் குறிக்காமலேயே ஒரு ஆளோடு காலம் தள்ளலாம். ஆனால் வழியனுப்பும்போது அது செல்லாது. 'போயிட்டு வா', 'போயிட்டு வாங்க', இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த நேரம் வந்தாலே நான் கக்கூசுக்குப் போய்விடுவேன். அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவேன். வரதனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த நிபந்தனையைச் சரியான இடத்தில் வைத்தான்.

சனிக்கிழமை இரவே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"ஓட்டல்ல கண்டவனுக்கும் சொல்ற இல்ல? அத மாரி சொல்லிட்டுப் போயேன். வாய் இன்னா வெந்தா பூடும்?"

"அங்க சம்பளம் குடுக்கறான் நைனா."

"இங்க உன் அக்கா வாழ்க்க கீதுடா."

ஓட்டலில் சொல்வது உண்மைதான். அறையில் இருக்கிற துண்டைப் பெட்டியில் திருடி வைத்துக்கொண்டு போகிறவனுக்கும், நீச்சல் குளத்தில் வாந்தி எடுத்தவனுக்கும், என்னைவிடச் சின்னப் பையனாக இருந்துகொண்டு "டேய் தம்பி, சாவி எடு" என்கிறவனுக்கும் கைகூப்பி "போயிட்டு வாங்க சார்" என்கிறேன். சேர்ந்த புதிதில் ஒருவரிடம் "சரி சார், போங்க" என்று சொல்லிவிட்டேன். மேலாளர் ரோகிணி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மோகன், வெறும் 'போங்க' கூடாது. 'வாங்க' சேக்கணும். இல்லைன்னா துரத்தற மாதிரி இருக்கும். அப்புறம் யாரு திரும்ப வருவாங்க?" என்றார். அவர் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? பள்ளிக்கூடம் கிளம்பும்போது "போறேம்மா" என்று சொன்னதற்காக அம்மாவிடம் எத்தனை தடவை வாயில் வாங்கியிருக்கிறேன்! போகிறவர் "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். அனுப்புகிறவர் "போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படிக்குப் போனேன். அக்கா பாயசத்துக்கு ஜவ்வரிசி வறுத்துக்கொண்டிருந்தாள். எலும்பு விரிசலுக்குப் போட்ட கட்டைப் பிரித்த மணிக்கட்டில் இன்னும் வீக்கம் வற்றவில்லை. தன்னை அடித்தவனுக்குத் தானே பாயசம் வைக்கிற காட்சியைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் மேல் இல்லை. அந்த ஜவ்வரிசி மேல், முந்திரி மேல், எண்ணெய்ச் சட்டியில் மிதக்கிற வடை மேல்.

"உனக்குப் போவணுமா?" என்று கேட்டேன்.

"போவலன்னா? நைனா கடனெல்லாம் அவங்க பெரியப்பா கடையிலதான் கீது. தெருவுல யாரப் பாத்தாலும் 'எப்ப போற, எப்ப போற'ன்னு கேக்கறாங்க."

"அவன் மறுபடியும் அடிப்பான்."

"அவங்க வேணும்னு அடிக்கறது இல்லடா. கோவம் வந்தா அவங்களுக்குக் கண்ணு தெரியாது."

அவங்க. எனக்கு அதுதான் தாங்கவில்லை. 'அவரு' என்றுகூட இல்லை, அதற்கும் மேலே 'அவங்க'. அவங்க அடிச்சாங்க. அவங்க முறுக்கினாங்க. அவங்க கெட்ட வார்த்தை சொல்லிட்டாங்க. யாரோ ஒரு கோயில் குருக்கள் வீட்டுக்கு வந்து விபூதி கொடுத்துவிட்டுப் போனது மாதிரி சொல்கிறாள்.

"ஒரே ஒரு தடவ 'அவன்'னு சொல்லு" என்றேன். "இங்க யாரும் இல்ல. எனக்காகச் சொல்லு."

சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். உதடு அசைந்தது. தலையை ஆட்டினாள்.

"வாய்ல வரலடா. பழகிடுச்சி." கரண்டியைத் தட்டிக் கீழே வைத்தாள். "நீ மட்டும் இன்னைக்கி ஒழுங்கா சொல்லிடு மோகனு. நீ சொல்லலன்னா ராத்திரி எனக்குத்தான்."

அதோடு என் கதை முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் எனக்கு மானம் மிஞ்சும், அவளுக்கு இன்னொரு மணிக்கட்டு போகும். சொல்கிறேன் என்றேன்.

வெள்ளைக் காரில் வந்தான். கோதண்டராமன் முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலுக்கு ஓடினார்.

"வாங்க மாப்ள, வாங்க, வாங்க. வாங்க அண்ணாத்த."

வரதன் இறங்கினான். "ம்" என்றான். அவ்வளவுதான். காதில் செல்போன்.

"சொல்லுங்க அபிஷேக் சார்... வண்டி வந்துகினே கீது சார்... நீங்க கீழ வந்து நில்லுங்க சார்... ஸாரி சார், ஸாரி சார்." கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்காத ஏதோ ஒரு பையனாக இருக்கும். போனை வைத்துவிட்டு அதே மூச்சில் வீட்டுக்குள் பார்த்து, "ஏய், தண்ணி கொண்டாடி" என்றான். வாய் கோணவில்லை, குரல் தடுமாறவில்லை. எந்த ஆளுக்கு எந்தக் குரல் என்பது அவனுக்கு அத்துபடி.

சாப்பிட்டான். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான் என்று சொல்ல வேண்டும். கோழிக் குழம்பில் ஈரல் தனக்கு வரவில்லை என்று குறைபட்டான். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லு" என்றாள். அக்கா குனிந்து ஊற்றினாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான். அந்த விரல்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயசத்தை உறிஞ்சிவிட்டு, "சக்கர தூக்கலா கீது" என்று தம்ளரைத் தள்ளினான்.

சாப்பாடு முடிந்ததும் கோதண்டராமன் பொதுவாக நாலு வார்த்தை பேசினார். "எல்லாம் நல்லபடியா ஆச்சி. இனிமே பெரியவங்க சின்னவங்கன்னு மரியாதையா இருந்துக்கணும். மரியாதன்னு ஒண்ணு இருந்தா குடும்பத்துல சண்டையே வராது." 'மரியாதை' என்று சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்தார். அக்காவின் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கிளம்பினார்கள். அம்மா அக்காவின் பையைக் கொண்டுவந்து வாசற்படி ஓரம் வைத்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் துணி உலர்த்துகிற சாக்கில் வெளியே வந்தார்கள். தெருக்குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, வைத்தவள் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வரதன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவை மூடாமல், ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு காத்திருந்தான். வழியனுப்புதலுக்கு உட்கார்ந்தே காத்திருக்கிற ஒருவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பா என் முதுகில் விரலால் குத்தினார்.

நான் ஓட்டல் மேஜைக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். இவன் துண்டு திருடியவன். அறை வாடகை கட்டிவிட்டான். கிளம்புகிறான். கையைக் கூப்பினேன்.

"போயிட்டு வாங்க மாமா."

"இன்னாது?" என்றான் வரதன். "காதுல வுழல."

"போயிட்டு வாங்க மாமா."

"பெரியப்பா, உனக்குக் கேட்டுதா?"

கோதண்டராமன் தலையை ஆட்டினார். "கேட்டுச்சி, கேட்டுச்சி. போதும்பா."

"எதிர்வூட்டு அம்மாக்குக் கேட்டுச்சான்னு தெரியல. ஒழுங்கா சொல்லச் சொல்லு."

எச்சில் கசந்தது. அதை விழுங்கினேன். படிக்கட்டில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தேன். சொல்லிடுடா என்று கண்ணாலேயே சொன்னாள். தெரு முழுக்கக் கேட்கும்படி, "நீங்க போயிட்டு வாங்க மாமா! அடுத்த வாரம் வாங்க மாமா!" என்று கத்தினேன். யாரும் கேட்காத 'நீங்க'வையும் 'அடுத்த வார'த்தையும் நானே சேர்த்தேன். துப்புவதற்குப் பதிலாகச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் நின்றவள் குடத்தை எடுத்தாள். தன் பங்குக்குப் பார்த்தாகிவிட்டது.

வரதன் சிரித்தான். அவன் பற்களை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

அப்பா முன்னால் வந்து, குனிந்து, கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க மாப்ள. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க" என்றார். பெற்ற மகனை அவமானப்படுத்தி முடித்த ஒருவனிடம், உரமூட்டை தூக்கிய நாளில் 'டேய்' என்று தான் கூப்பிட்ட ஒருவனிடம், அறுபது வயதுக்காரர் குனிந்து இதைச் சொன்னார். ஒழுங்கான மருமகன் என்றால் இந்த இடத்தில் "வரேன் மாமா" என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். 'போயிட்டு வரேன்' என்பது இந்த நாட்டில் எந்தக் குடிகாரனுக்கும் வாயில் வருகிற வார்த்தை. வரதன் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"உன் பையன் கிட்ட சொல்லி வையி. இன்னொரு தடவ வாய் நீண்டுச்சின்னா, நீ வந்து என் கால்ல வுழுந்தாலும் கூட்டினு போவ மாட்டேன்."

உன் பையன். நீ வந்து.

அதுவரை அவன் அப்பாவை 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். மனசில் எப்படியோ, வாயில் அப்படித்தான். நான் அப்பாவை 'நீ' என்கிறேன் என்றேன் இல்லையா, அது வேறு. அந்த 'நீ'க்குள் அவர் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தது இருக்கிறது. இந்த 'நீ' ஒரு கையால் ஆளை அழுத்தி உட்கார வைக்கிற 'நீ'. அப்பாவுக்கு அது புரிந்தது. கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியைத் தொட்டார், சட்டைப்பையைத் தொட்டார். கோதண்டராமனுக்கும் நிச்சயம் புரிந்தது. ஆனால் மரியாதையைப் பற்றி அவர் பேச வேண்டியதை ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார் போல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இன்னாடி பாத்துகினு நிக்கற, ஏறு" என்றான் வரதன், படிக்கட்டைப் பார்த்து.

அக்கா அசையவில்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் இடம் தேடிக்கொண்டிருந்தது.

"ஏறுடின்றேன்."

அக்கா படியிறங்கினாள். பையை எடுக்கவில்லை. காருக்குப் பக்கத்தில் வந்து, தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவனை நேராகப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. குழாயடிக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது.

"நீங்க போங்க."

வரதனுக்கு முதலில் விளங்கவில்லை. கோதண்டராமன் காருக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"பின்னாடி வரியாம்மா? மோகன் கொண்டாந்து வுடறானா?"

"இல்ல பெரிய மாமா. அவரப் போவச் சொல்லுங்க."

அவங்க இல்லை. அவரு. ஒரு படி இறங்கியிருந்தாள். என்னைத் தவிர யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"ஏய், இன்னாடி பேசற? இதான் புருஷனுக்குக் குடுக்கற மரியாதையா?" வரதன் வெளியே வைத்திருந்த கால் தரையில் ஊன்றியது. எழுந்தான். நான் அவர்களுக்கு நடுவில் போனேன். அப்பாவும் வந்து நின்றார். நான் அவரைக் கூப்பிடவே இல்லை.

"மரியாதையாத்தான சொன்னேன்?" என்றாள் அக்கா. "'நீ'ன்னு சொல்லல. 'போ'ன்னு சொல்லல. நீங்கன்னுதான் சொன்னேன். போங்கன்னுதான் சொன்னேன். பெரிய மாமா, நீங்களே கேட்டீங்க இல்ல? இதுல எங்க மரியாத கொறஞ்சிது?"

கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் என்ன சொல்ல முடியும்? 'வாங்க' விட்டுப்போச்சு என்றா? அதைக் கேட்டு வாங்க முடியாது. என்னிடம் கேட்டு வாங்கினார்கள், அது என்ன லட்சணத்தில் வந்தது என்று அவரும்தான் பார்த்தார்.

"ராமானுஜம்," என்றார் அப்பாவிடம். "பொண்ணுக்கு எடுத்துச் சொல்லு. கடயில உன் கணக்கு..."

"நாளைக்கி வந்து பேசறேன் அண்ணாத்த" என்றார் அப்பா. அவர் கை இப்போது இடம் தேடவில்லை. அது அக்காவின் தோளில் இருந்தது.

வரதன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரர்கள் இப்போது துணி உலர்த்துகிற சாக்கைக்கூட விட்டுவிட்டு வெறுமனே பார்த்தார்கள். அவன் வாயில் கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. அதை இங்கே எழுதி இந்தக் கதையை அழுக்காக்கப் போவதில்லை. கதவை அறைந்து மூடினான். கார் பின்னால் போய், குழாயடிச் சேற்றில் சக்கரத்தைச் சுழற்றி, திரும்பியது.

அவனும் 'வரேன்' சொல்லவில்லை, நாங்களும் 'வாங்க' சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி கிளம்பிப் போனான். அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா வந்து, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நாளைக்குக் கடன் இருக்கிறது, ஊர்ப் பேச்சு இருக்கிறது, கோதண்டராமன் சும்மா விடப்போவதில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். நான் வாசல் குழாயில் வாயைக் கொப்பளித்தேன். எத்தனை தடவை கொப்பளித்தும் அந்த நான்கு 'மாமா'க்களின் வழவழப்பு நாக்கை விட்டுப் போகவில்லை.

உள்ளே போனேன். அக்கா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பாயசத்தைப் பாத்திரத்தோடு மடியில் வைத்துக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவள். வீங்கிய கை பாத்திரத்தைப் பிடித்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போயிட்டானா?" என்று கேட்டாள்.